சப்பென்று இருந்த ரசத்தைக் கிண்ணம் கிண்ணமாகச் சரிசெய்தது

வீட்டு ரசம் சப்பென்று இருந்தால் முதல் பழி ரசப்பொடி மேல்தான் விழும். இன்னொரு ஸ்பூன் பொடியைப் போட்டுக் கொதிக்கவிடுவோம். ரசம் கலங்கும், காரம் ஏறும், தொண்டையில் நெடி அடிக்கும். ஆனால் சாதத்தில் ஊற்றிப் பிசைந்தால் அதே சப்பு. நான் பார்த்த சப்பான ரசங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொடி காரணமே இல்லை. புளித் தண்ணீர் கொதிக்கும்போது உப்பு போட்டுச் சுவை பார்த்துவிடுகிறோம். அப்புறம் உப்பில்லாத பருப்புத் தண்ணீரை ஊற்றி விளாவுகிறோம். அதற்குப் பிறகு யாரும் உப்பு பார்ப்பதில்லை. சப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

என் தங்கை வீட்டில் இது அடிக்கடி நடந்தது. "எல்லாம் அம்மா சொன்ன அளவுதான்க்கா, ஆனா வாயில வச்சா தண்ணியாட்டம் இருக்கு" என்பாள். அதனால் ஒரு நாள் அவள் வழக்கமாக வைக்கிற மாதிரியே வைக்கச் சொல்லிவிட்டு, சமையலறைத் தராசையும் அளவுக் கோப்பையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

புளி பெரிய நெல்லிக்காய் அளவு, எடை போட்டால் 15 கிராம். வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, கோது எடுத்து, மொத்தம் 600 மில்லி புளித் தண்ணீர். அதில் கையால் பிசைந்த இரண்டு தக்காளி, மஞ்சள்தூள், ரசப்பொடி இரண்டு டீஸ்பூன், பெருங்காயத் தூள் ஒரு சிட்டிகை, தூள் உப்பு தலைதட்டிய ஒரு டீஸ்பூன். தூள் உப்பு அப்படி ஒரு டீஸ்பூன் என்றால் சுமார் 6 கிராம். பச்சை வாசனை போகிற வரை கொதித்ததில் அது 500 மில்லி அளவுக்குச் சுண்டியது. இந்தக் கட்டத்தில் அவள் சுவை பார்த்தாள், உப்பு சரியாக இருந்தது; சொல்லப்போனால் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அப்புறம் கால் கப் துவரம்பருப்பு வேகவைத்து மசித்ததில் தண்ணீர் விட்டு, இன்னொரு 500 மில்லி ஊற்றி விளாவினாள். நுரை கட்டி வந்ததும் இறக்கி, நெய்யில் கடுகு, சீரகம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினாள்.

கணக்கு இங்கேயே தெரிந்துவிடும். 500 மில்லியில் 6 கிராம் உப்பு என்றால் 1.2 சதவீதம், நாக்குக்குத் தூக்கல்தான். அதையே ஒரு லிட்டராக விளாவிவிட்டால் 0.6 சதவீதம். சாறு மாதிரியான பதார்த்தங்கள் பெரும்பாலானவர்கள் நாக்குக்கு 0.8 சதவீதத்தை ஒட்டித்தான் நிறைவாக இருக்கும். ஒரு லிட்டருக்கு 8 கிராம். அதோடு நம் சாதத்தில் உப்பு போட்டு வடிப்பதில்லை. உப்பில்லாத சோற்றில் ஊற்றிப் பிசைகிறபோது ரசம் இன்னொரு முறை நீர்த்துப்போகிறது. டம்ளரில் குடிக்க ஓரளவு பரவாயில்லை என்று இருக்கிற ரசம் இலையில் காணாமல் போவது இதனால்தான். குடிக்கிற ரசத்துக்கும் சாதத்துக்கு ஊற்றுகிற ரசத்துக்கும் உப்பு ஒன்றாக இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆனாலும் கணக்கை நம்பி நேராகப் பாத்திரத்தில் உப்பைக் கொட்டவில்லை. காரணம் உப்புதானா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பார்ப்பது நல்ல வழி. மூக்கு அடைத்திருக்கும்போது பெருங்காயம், சீரகம், கொத்தமல்லித்தழை எதன் மணமும் தெரியாது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் மட்டும்தான் நாக்கில் படும். மூக்கைப் பிடித்தபோதும் சப்பென்றே இருந்தால் உப்பிலோ புளியிலோ குறை. மூக்கைப் பிடித்தபோது உப்பும் புளிப்பும் சரியாகத் தெரிந்து, மூக்கை விட்டபின் கூடுதலாக எதுவும் வரவில்லை என்றால் மணத்தில் குறை. அப்போது பெருங்காயம், தாளிப்பு, பொடி பக்கம் பார்க்க வேண்டும். தங்கையின் ரசம் மூக்கைப் பிடித்தாலும் தண்ணீர்தான். மூக்கை விட்டதும் சீரக வாசனை லேசாக வந்தது, அவ்வளவுதான். ஆக இரண்டு பக்கமும் குறை இருந்தது, பெரிய குறை நாக்குப் பக்கம்.

கொதிக்கிற சூட்டில் சுவை பார்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாக்கு சுடுகிற சூட்டில் உப்பும் சரியாகத் தெரியாது, புளிப்பும் தெரியாது, காரம்தான் முன்னால் நிற்கும். ஒரு குழிக்கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு பார்த்தால்தான் அந்தத் தீர்ப்பு நிற்கும்.

அடுத்து, ஐந்து கிண்ணங்களில் 100 மில்லி வீதம் ரசத்தை ஊற்றி வைத்தேன். முதல் கிண்ணத்தில் எதுவும் சேர்க்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாவதில் உப்பு, மூன்றாவதில் கெட்டியான புளிக் கரைசல், நான்காவதில் வெல்லம், ஐந்தாவதில் பெருங்காயம். உப்பை அப்படியே போடாமல், 10 கிராம் உப்பை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டேன். ஒரு டீஸ்பூன் உப்புத் தண்ணீரில் அரை கிராம் உப்பு இருக்கும். சின்னக் கிண்ணத்தில் சிட்டிகைக் கணக்கு கைக்குக் கை மாறும், கரையாமல் அடியிலும் தங்கும். கரைசலில் அந்தத் தொல்லை இல்லை. கல் உப்பு பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் உதவும், ஏனென்றால் கல்லின் அளவைப் பொறுத்து ஒரு ஸ்பூனின் எடையே மாறிவிடும்.

இரண்டாவது கிண்ணத்தில் அரை டீஸ்பூன் உப்புத் தண்ணீர் விட்டேன். அதாவது கால் கிராம் உப்பு. தங்கை அதைக் குடித்துவிட்டு "இதுல மிளகு கூடப் போட்டியா?" என்று கேட்டாள். மிளகு சேர்க்கவே இல்லை. முதல் கிண்ணத்தில் இருந்த அதே மிளகுதான், உப்பு சரியான இடத்துக்கு வந்ததும் தெரிய ஆரம்பித்தது. தக்காளியும் தெரிந்தது, சீரகமும் தெரிந்தது. உப்பு தன் சுவையை மட்டும் தருவதில்லை. கசப்பை அமுக்கி மற்றச் சுவைகளுக்கு இடம்விடுகிறது. பொடியில் இருக்கிற மிளகு, தனியா, மஞ்சள், வறுபட்ட பருப்பு எல்லாவற்றிலும் மெல்லிய கசப்பு உண்டு. உப்பு குறைவாக இருக்கும்போது அந்தக் கசப்பு தனியாக நாக்கில் தட்டாது, ஆனால் மொத்த ரசத்தையும் மந்தமாக்கி வைக்கும். பொடியைக் கூட்டக் கூட்ட மந்தம் கூடுவதும் இதனால்தான்.

புளி விட்ட மூன்றாவது கிண்ணம் வேறு மாதிரி. முதல் வாயில் பளிச்சென்று இருந்தது, சரியாகிவிட்டது போலக்கூடத் தோன்றியது. விழுங்கிய பிறகு பல் கூசியது, நடுவில் ஒன்றுமே இல்லை. உப்பு குறைவாக இருக்கும்போது புளியைக் கூட்டினால் இப்படித்தான் வரும்: ஓரத்தில் கூர்மை, உள்ளே வெறுமை. வெல்லம் போட்ட நான்காவது கிண்ணம்தான் எல்லாவற்றிலும் மோசம். பானகத்தில் மிளகுப் பொடி தூவியதைப் போல இருந்தது. பெருங்காயத் தூளை அப்படியே தூவிய ஐந்தாவது கிண்ணம் மணத்தது, ஆனால் பச்சையாக, காரலாக. மூக்கைப் பிடித்துக் குடித்தால் முதல் கிண்ணத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

சரி, உப்புதான் முதல் வேலை என்று முடிவானது. ஐந்து கிண்ணத்துக்கு எடுத்தது போகப் பாத்திரத்தில் 500 மில்லி மிச்சம். அதற்கு இரண்டு டீஸ்பூன் உப்புத் தண்ணீர், அதாவது 1 கிராம் விட்டுக் கலக்கினேன். உப்பு 0.8 சதவீதத்துக்கு வந்தது. இப்போதுதான் புளியைப் பற்றி யோசிக்க முடிந்தது. உப்பு சரியாகாதவரை புளிப்பு கூடுதலா குறைவா என்று நாக்கு சொல்வதை நம்ப முடியாது. இந்தப் பாத்திரத்தில் புளி போதுமானதாகத்தான் இருந்தது. கொஞ்சம் துருத்திக்கொண்டும் இருந்தது.

புளி விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் கொதிக்கும்போது ஆவியாகிப் போவதில்லை. பச்சை வாசனைதான் போகும், தண்ணீர் போகும், புளிப்பு அப்படியே தங்கிக் கெட்டியாகும். அதனால் புளிப்பு அதிகமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று விடுவது எதிர்மாறான வேலை. புளிப்பைக் குறைக்க வேண்டுமானால் பருப்புத் தண்ணீர்தான் நல்ல வழி. வெறும் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து நீர்க்கச் செய்துவிடும். பருப்பில் உள்ள புரதம் புளிப்பில் ஒரு பங்கைத் தணித்து வாங்கிக்கொள்ளும், உடம்பும் கொடுக்கும். ஆனால் அந்தப் பருப்புத் தண்ணீரிலும் உப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

புளியின் வயதும் முக்கியம். மாசி, பங்குனியில் வருகிற புதுப்புளி வெளிர் நிறமாக, சுருக்கென்று புளிக்கும். நாள்பட்ட பழைய புளி கறுத்து, புளிப்போடு ஒரு ஆழமும் லேசான இனிப்பும் சேர்ந்து இருக்கும். புதுப்புளியில் வைத்த ரசத்துக்கு வெல்லம் தேவைப்படுகிற இடத்தில், பழைய புளியில் வைத்ததற்குப் பல நேரம் தேவையே படாது. நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்று கண் மதிப்பில் எடுக்கிறபோது இந்த வித்தியாசம் கணக்கில் வராது. அதனால் புது மூட்டை புளி பிரித்தால் ஒரு ஸ்பூன் கரைசலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பாத்திரத்தில் விடுகிறேன்.

தங்கை வீட்டில் இருந்தது புதுப்புளி. உப்பு சரியான பிறகு ரசம் முழுசாக இருந்தது, ஆனால் கடைசியில் புளிப்பு மட்டும் தனியாகத் துருத்தி நின்றது. வெல்லத்துக்கு வேலை வருவது இங்கேதான். 500 மில்லிக்கு ஒன்றரை கிராம் வெல்லம், கரண்டியில் கொஞ்சம் ரசத்தோடு கரைத்து விட்டேன். இனிப்பு தெரியவில்லை. தெரியவும் கூடாது. புளிப்பின் முனை மழுங்கி, உப்போடும் காரத்தோடும் சேர்ந்துகொண்டது. "வெல்லம் போட்டிருக்கிறாயா?" என்று சாப்பிடுகிறவர் கேட்டால் அளவு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கு 3 கிராமில் தொடங்கி, 5 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது என் கை. கர்நாடகப் பக்கத்துச் சாம்பாரில் இனிப்பு வெளிப்படையாகவே தெரியும். அது வேறு மரபு, அங்கே புளியும் மிளகாயும் அதற்கேற்ற அளவில் இருக்கும். இந்தப் பக்கத்து ரசத்தில் வெல்லத்தை மட்டும் அப்படிக் கூட்டினால் மற்றது எதுவும் அதற்கு ஈடுகொடுக்காது.

உப்பு அதிகமானால் வெல்லம் சரிசெய்யும் என்றொரு நம்பிக்கை உண்டு. கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். இரண்டு கவளத்துக்குப் பிறகு உப்பும் தெரியும், இனிப்பும் தெரியும். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பதும் அதே கதை. கிழங்கு ரசத்தோடு சேர்த்து உப்பையும் வாங்குமே தவிர, உப்பை மட்டும் பிரித்தெடுக்காது, மிஞ்சிய சாற்றின் உப்பு விகிதம் குறைவதில்லை. உப்பு கூடினால் உப்பில்லாத பருப்புத் தண்ணீர் விட்டு அளவைப் பெருக்கி, அதற்கேற்பப் புளியையும் பொடியையும் சேர்ப்பதுதான் வழி.

கடைசியாகப் பெருங்காயம். ஆரம்பத்தில் கொதிக்கிற புளித் தண்ணீரில் போட்ட சிட்டிகை எங்கே போயிற்று என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். அதன் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் சுலபமாக ஆவியாகிற வகை. கால் மணி நேரம் திறந்த பாத்திரத்தில் கொதித்தால் அடுப்படி மணக்கும், ரசத்தில் மிஞ்சுவது குறைவு. தவிர அந்த மணம் தண்ணீரைவிட எண்ணெயிலும் நெய்யிலும்தான் நன்றாக இறங்கும். டப்பாவில் வருகிற தூள் பெருங்காயம் சுத்தமான பிசினும் கிடையாது. மாவும் கோந்தும் கலந்த கூட்டுப் பெருங்காயம். அதை நேராக ரசத்தில் தூவினால் மாவு கலங்கி நிற்கும், மணம் பச்சையாக இருக்கும்.

அதனால் அரை டீஸ்பூன் நெய்யைச் சின்னக் கரண்டியில் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு தூளைப் போட்டேன். போட்டதும் நுரைத்துப் பொங்கும். முதலில் மூக்கைத் துளைக்கிற காட்டமான வாடை, மூன்று நான்கு நொடியில் அது மாறி, வெங்காயமும் பூண்டும் நெய்யில் வதங்கிய வாசனையாக வரும். அந்த நொடியில் ரசத்தில் கொட்டி மூடிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் தூளில் இருக்கிற மாவு கருகிக் கசக்கும். அந்தக் கசப்பை எதுவும் சரிசெய்யாது; கொட்டிவிட்டு வேறு நெய் காயவைப்பது மேல். கட்டிப் பெருங்காயம் வைத்திருக்கிறவர்கள் மிளகு அளவுத் துண்டு ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, இறக்குகிறபோது விடலாம். இல்லாவிட்டால் நெய்யில் பொரித்துத் தூளாக்கிப் போடலாம். எனக்குக் கட்டிதான் பிடிக்கும். தூளில் வராத ஒரு அடிமணம் அதில் வரும்.

மூடி வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, ஒரு கைப்பிடி சாதத்தில் ஊற்றிப் பிசைந்து பார்த்தோம். பொடி அதே பொடி, தக்காளி அதே தக்காளி. மொத்தத்தில் சேர்ந்தது 1 கிராம் உப்பு, ஒன்றரை கிராம் வெல்லம், கொஞ்சம் நெய், கொஞ்சம் பெருங்காயம். இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டாள். இப்போது அவள் வைக்கிற முறையில் இரண்டே இரண்டு மாற்றம்தான்: பருப்பு வேகும் குக்கரிலேயே அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு போட்டுவிடுகிறாள். விளாவியபின் உப்பு விழுவதில்லை. பெருங்காயத்தைக் கடைசித் தாளிப்புக்கு மாற்றியிருக்கிறாள்.

சாம்பாருக்கும் இதே வரிசைதான், உப்பு, புளி, வெல்லம், பெருங்காயம். ஆனால் உப்பைத் தின்கிற இடங்கள் அதில் கூடுதல். ஒரு லிட்டர் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போகும். கெட்டியான குழம்பில் உப்பும் புளிப்பும் நாக்குக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். அதனால் ரசத்தைவிடப் புளி சற்றுக் கூட வேண்டும், 20 கிராமிலிருந்து 25 கிராம் வரை. உப்பு 9 கிராம் வரை தாங்கும். காய்களை உப்பில்லாமல் வேகவைத்துச் சேர்த்தால், முருங்கைக்காயும் பூசணியும் முள்ளங்கியும் குழம்பிலிருந்து உப்பை வாங்கிக்கொண்டே இருக்கும். இறக்கும்போது சரியாக இருந்த சாம்பார் சாப்பிட உட்கார்கிறபோது சப்பென்று ஆவது இப்படித்தான். காயை உப்பு போட்ட தண்ணீரிலேயே வேகவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

காய் வெந்த பிறகுதான் புளி என்பதையும் விடக்கூடாது. புளித் தண்ணீரில் காயைப் போட்டால் அமிலம் காயின் நார்ப்பகுதியை இளக விடாது. முருங்கை வேக நேரமெடுக்கும், அதற்குள் புளி சுண்டிப் புளிப்பு ஏறிவிடும். பருப்புக்கும் அப்படியே, புளி விட்ட பிறகு வேகாத பருப்பு அடுப்பில் எவ்வளவு நேரம் இருந்தாலும் திப்பி திப்பியாகவே நிற்கும்.

சாம்பாரில் வெல்லம் வேண்டுமா என்பதைக் காய்தான் சொல்லும். சின்ன வெங்காயம் நிறைய வதக்கிப் போட்டிருந்தாலோ, பூசணி, கேரட் இருந்தாலோ அவற்றின் இனிப்பே போதும், வெல்லத்தைத் தொடவே மாட்டேன். கத்தரிக்காய், முள்ளங்கி, வெண்டைக்காய் சாம்பாருக்கு ஒரு பட்டாணி அளவு போட்டால் அடிக்கசப்பு அடங்கும். வெந்தயம் கருகிய சாம்பார் பொடியை மட்டும் இப்படிக் காப்பாற்ற முடியாது. மணம் போன பழைய பொடிக்கும் அதேதான். மூக்கைப் பிடித்தால் எல்லாம் சரி, விட்டால் ஒன்றும் இல்லை என்றால் தனியாவும் மிளகாயும் வெந்தயமும் கொஞ்சம் புதிதாக வறுத்து அரைத்துச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காலையில் வைத்த சாம்பாரை மாலையில் சூடுபண்ணும்போது கெட்டிப்பட்டிருக்கும், தண்ணீர் விட்டு இளக்குவோம். அப்போது வெறும் தண்ணீருக்குப் பதில் ஒரு கரண்டி உப்பிட்ட வெந்நீரை விட்டு, ஒரு கொதி வந்ததும் அணைத்து, எண்ணெயில் பொரித்த பெருங்காயத்தை மட்டும் மறுபடி கொட்டிப் பாருங்கள். காலையில் போட்டதன் மணம் அதற்குள் போயிருக்கும். உப்பும் புளிப்பும் மறுபடி ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் கை வைத்தால் போதும்.